ஒருவர் தப்பிக்க எத்தனை பேர் விழுங்க வேண்டும்?



"மாரடைப்பு வராமல் தடுக்க மாத்திரை இருக்கிறது. தினம் ஒன்று விழுங்கினால் போதும், ஆபத்து 20 சதவிகிதம் குறைந்துவிடும்." இப்படி ஒரு பேச்சு நம் காதில் விழாத நாள் இல்லை. மருந்துக் கடையில் சொல்கிறார்கள், இலவச முகாமில் சொல்கிறார்கள், கையில் கொடுக்கும் நோட்டீசிலும் அச்சடித்திருக்கிறார்கள். அரியலூர் சிமெண்ட் ஆலையில் மூட்டை தூக்குகிறவரும், பெரம்பலூர்ச் சீமையில் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் களை வெட்டுகிறவரும் அதைக் கேட்டு யோசிக்கிறார்கள். வாங்கி விழுங்கலாமா? கூலிக் காசில் அதற்கும் ஒரு பங்கு ஒதுக்கலாமா?

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது. கழித்தலும் வகுத்தலும் தெரிந்த எவரும் போடக்கூடிய கணக்கு. 1988-இல் கானடா தேசத்து ஹாமில்டன் நகரில், மக்மாஸ்டர் சர்வகலாசாலையைச் சேர்ந்த லாபாசிஸ், சாக்கெட், ராபர்ட்ஸ் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் இதை வகுத்து வெளியிட்டார்கள். டாக்டர்கள் இதை 'என்.என்.டி.' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நாம் இதற்கு 'எத்தனை பேருக்கு ஒருவர்' கணக்கு என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஒரு மாத்திரையால் ஒரே ஒருவர் நோயிலிருந்து தப்பிக்க வேண்டுமானால், எத்தனை பேர், எத்தனை வருஷம் அதை விழுங்க வேண்டும் என்பதுதான் அந்தக் கணக்கு.

எதில் இருபது சதவிகிதம்?

சம்பளப் பேச்சு வார்த்தையில் உட்கார்ந்த தொழிலாளிக்குச் சதவிகிதத்தின் சூட்சுமத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. "20 சதவிகித உயர்வு" என்று நிர்வாகம் அறிவித்தால் அவர் உடனே கேட்கும் கேள்வி, "எதில் 20 சதவிகிதம்? அடிப்படைச் சம்பளத்திலா, பஞ்சப்படியும் சேர்ந்த மொத்தத்திலா?" என்பதுதான். அடிப்படைச் சம்பளம் சொற்பமாக இருந்தால் 20 சதவிகிதமும் சொற்பமே. சதவிகிதத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற சங்கம் எதுவும் கிடையாது.

மாத்திரை விஷயத்திலும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும். ஆபத்து 20 சதவிகிதம் குறைகிறது என்றால், முதலில் ஆபத்து எவ்வளவு இருந்தது? ஆயிரம் பேரில் 500 பேருக்கு வரக்கூடிய நோய் 400 ஆகக் குறைந்தாலும் 20 சதவிகிதம்தான். ஆயிரம் பேரில் 5 பேருக்கு வரக்கூடிய நோய் 4 ஆகக் குறைந்தாலும் 20 சதவிகிதம்தான். முதல் இடத்தில் ஆயிரத்துக்கு 100 பேர் தப்பிக்கிறார்கள். இரண்டாவது இடத்தில் ஆயிரத்துக்கு ஒருவர் தப்பிக்கிறார். நோட்டீசில் இரண்டும் ஒரே எழுத்தில், ஒரே எண்ணாக அச்சாகும்!

ஆகவே சதவிகிதத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுத் தலைகளை எண்ணுவோம். உண்மையாக நடந்த ஒரு பரிசோதனையை எடுத்துக்கொண்டு எண்ணுவோம்.

நாலு மருந்து, ஒரே மாத்திரை

ரத்தக் கொதிப்பைக் குறைக்க மூன்று மருந்துகள், கொழுப்பைக் குறைக்க ஒன்று. இந்த நான்கையும் ஒன்றாக அடைத்து ஒரே மாத்திரையாகக் கொடுத்தால் மாரடைப்பும் பக்கவாதமும் குறையுமா? இதைச் சோதிக்க 'டிப்ஸ்-3' என்ற பெரிய பரிசோதனை நடந்தது. இந்தியா, வங்காள தேசம், பிலிப்பைன்ஸ், கொலம்பியா, தான்சானியா உள்ளிட்ட ஒன்பது நாடுகளில் 5,713 பேர் இதில் சேர்ந்தார்கள். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இந்தியர்கள். ஹாமில்டன் நகரத்து ஆராய்ச்சி நிலையமும் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிலையமும் இதை நடத்துவதில் முன்னின்றன. தலைமை தாங்கியவர்களில் ஒருவரான சலீம் யூசுப் கேரளத்தில் பிறந்து, பெங்களூரில் டாக்டருக்குப் படித்தவர். மாத்திரையைத் தயாரித்தது ஆமதாபாத் காடிலா கம்பெனி. முடிவுகள் 2020 நவம்பரில் வெளிவந்தன.

யாரைச் சேர்த்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 50 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள், 55 வயதுக்கு மேற்பட்ட பெண்கள். ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் அல்ல. ஆனால் வரக்கூடிய அறிகுறிகள் கொஞ்சம் கூடுதலாக உள்ளவர்கள். பெரும்பாலோருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது.

இவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உண்மையான மாத்திரை. மறு பாதிக்கு அதேபோலத் தோற்றமளிக்கும், மருந்தில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று விழுங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கும் டாக்டருக்கும் தெரியாது. குலுக்கல் எதற்கு? விருப்பப்பட்டவர்களுக்கு மருந்து என்று விட்டால், வசதியும் படிப்பும் உள்ளவர்கள் மருந்துப் பக்கம் சேர்ந்துவிடுவார்கள். பிறகு அவர்கள் நன்றாக இருந்தது மாத்திரையாலா, வசதியாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. குலுக்கலில் ஏழையும் பணக்காரனும் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாக விழுவார்கள்.

சராசரியாக நாலரை வருஷத்துக்குச் சற்று மேல் கவனித்தார்கள். வெற்று மாத்திரை தின்ற 2,852 பேரில் 157 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம், இருதய நோயால் மரணம் போன்ற ஏதாவது ஒரு விபரீதம் நேர்ந்தது. மருந்து தின்ற 2,861 பேரில் 126 பேருக்கு நேர்ந்தது.

கணக்கைப் போடுவோம்

முதல் படி: இரண்டையும் ஆயிரத்துக்கு எத்தனை என்று மாற்ற வேண்டும். வெற்று மாத்திரைப் பக்கம் ஆயிரத்துக்கு 55. மருந்துப் பக்கம் ஆயிரத்துக்கு 44.

இரண்டாம் படி: கழிக்க வேண்டும். 55-இல் 44 போனால் 11. ஆயிரம் பேர் விழுங்கியதில் 11 பேர் தப்பித்தார்கள்.

மூன்றாம் படி: ஆயிரத்தை 11-ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறக்குறைய 91.

இவ்வளவுதான். 91 பேர் நாலரை வருஷத்துக்கு மேல் தினந்தோறும் விழுங்கினால் ஒருவர் தப்பிக்கிறார். இதையே சதவிகிதத்தில் சொன்னால், 55-இல் 11 என்பது ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 சதவிகிதம். இரண்டும் உண்மை. ஆனால் '20 சதவிகிதம்' என்று கேட்டவர், மாத்திரை தின்கிற ஐந்து பேரில் ஒருவர் பிழைக்கிறார் என்று எண்ணிக்கொள்கிறார். '91 பேருக்கு ஒருவர்' என்று கேட்டவருக்கு அந்தக் குழப்பம் வராது.

இன்னும் கண்ணெதிரே நிறுத்திப் பார்ப்போம். குன்னம் பக்கத்தில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனையில் இருந்தவர்களைப் போன்ற வயதும் உடல் நிலையும் உள்ள 91 பேர் அங்கே இருக்கிறார்கள். யாரும் மாத்திரை தின்னவில்லையென்றால், நாலரை வருஷத்தில் அவர்களில் ஐந்து பேருக்கு விபரீதம் நேரும். எல்லோரும் தின்றால் நான்கு பேருக்கு நேரும். மிச்சம் 86 பேர் மாத்திரை இல்லாமலே அந்தக் காலத்தைக் கடந்திருப்பார்கள். நான்கு பேரை மாத்திரை தின்றும் நோய் விடவில்லை. ஒருவர் தப்பித்தார்.

அந்த ஒருவர் யார்? முன்கூட்டியும் சொல்ல முடியாது, பிறகும் சொல்ல முடியாது. "நான் தின்றேன், எனக்கு ஒன்றும் வரவில்லை, ஆகவே மாத்திரை என்னைக் காப்பாற்றியது" என்று 87 பேரும் சொல்லக்கூடும். அவர்களில் ஒருவர் சொல்வதுதான் சரி. "அவன் தின்றும் மாரடைப்பு வந்துவிட்டது, ஆகவே மாத்திரை மோசடி" என்பதும் அதே மாதிரி தவறான முடிவு. தனி ஒருவரின் அனுபவத்தை வைத்துத் தடுப்பு மாத்திரையை எடைபோட முடியாது. கூட்டத்தை எண்ணித்தான் எடைபோட முடியும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 91 என்பது கல்லில் வெட்டிய எண் அல்ல. அது 157-க்கும் 126-க்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து, அதாவது முப்பத்துச் சொச்சம் பேரிலிருந்து பிறந்தது. குலுக்கலில் அதிர்ஷ்டம் கொஞ்சம் அப்படி இப்படிப் போனால் அதுவும் மாறும். பரிசோதனை செய்தவர்களே கணக்கிட்டதில், உண்மையான பலன் ஐந்தில் ஒரு பங்கைவிட மிக அதிகமாக, மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக இருக்கலாம். அல்லது அநேகமாக ஒன்றுமில்லாமலும் இருக்கலாம் என்றுதான் வந்தது. முதலாவதுதான் உண்மையானால் 50 பேருக்கு ஒருவர். இரண்டாவதானால் எத்தனை பேர் விழுங்கினாலும் பலனில்லை. மறு பக்கம், மருந்து வந்து சேரத் தாமதமானதாலும் கொரோனா காலத்துத் தடங்கலாலும் பலர் மாத்திரையை இடையில் நிறுத்திவிட்டார்கள். ஒழுங்காகத் தின்றிருந்தால் பலன் கூடியிருக்கும் என்றும் வாதிட இடமுண்டு.

நஷ்டத்தையும் எண்ண வேண்டும்

வரவை மட்டும் எழுதி, செலவை எழுதாத கணக்குப் பிள்ளையை யாரும் நம்ப மாட்டார்கள். மாத்திரைக்கும் செலவுப் பக்கம் உண்டு.

இதே பரிசோதனையில், வெற்று மாத்திரைப் பக்கம் ஆயிரத்துக்கு 11 பேருக்கு ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியது அல்லது தலைசுற்றல் வந்தது. மருந்துப் பக்கம் ஆயிரத்துக்கு 27 பேருக்கு வந்தது. வித்தியாசம் 16. ஆயிரத்தை 16-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 62. அதாவது 62 பேர் விழுங்கினால் ஒருவருக்கு மாத்திரையால் தலைசுற்றல். நம் கிராமத்து 91 பேரில், ஒருவர் மாரடைப்பிலிருந்து தப்பிக்கும் காலத்தில், ஒருவர் அல்லது இருவர் தலைசுற்றி உட்காருகிறார்கள்.

தலைசுற்றலும் மாரடைப்பும் ஒன்றா என்று கேட்கலாம். மின்விசிறிக்கடியில் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்கிறவருக்கு ஒன்றல்ல. ஆனால் சித்திரை வெயிலில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் விளிம்பில் நிற்கிறவருக்கு? சாரத்தில் ஏறி நிற்கும் கொத்தனாருக்கு? ஆலையில் ஓடும் யந்திரத்தின் அருகில் கை வைத்திருப்பவருக்கு? அவருக்கு ஒரு நிமிஷத் தலைசுற்றல் உயிர்ப் பிரச்னை. அந்த நாலு மருந்துகளில் ஒன்று சிறுநீரை அதிகமாகப் போக்கும் மருந்து. வெயிலில் வேர்வையாகவும் நீர் போகிறது. ஆகவே மாத்திரை எழுதிக் கொடுக்கும் டாக்டரிடம் தன் வேலை என்ன, எங்கே நிற்கிறேன், எவ்வளவு நேரம் வெயில் என்பதைத் தொழிலாளி சொல்லியே ஆக வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

ஒரே மாத்திரை, வேறு வேறு கணக்கு

இந்தக் கணக்கில் மிகவும் முக்கியமான பாடம் ஒன்று இருக்கிறது. எண் மாத்திரைக்குச் சொந்தமானது அல்ல. மாத்திரையும், அதை விழுங்குகிறவரின் ஆபத்தும், எத்தனை காலம் என்பதும் சேர்ந்துதான் எண்ணை உண்டாக்குகின்றன.

ஆஸ்பிரினைப் பாருங்கள். ஒவ்வொரு மருந்துக் கடையிலும் கிடைக்கும் மலிவான மாத்திரை. 1988-இல் 'ஐசிஸ்-2' என்ற பரிசோதனை வெளிவந்தது. மாரடைப்பு என்று சந்தேகப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த 17,187 பேர் அதில் இருந்தார்கள். ஆஸ்பிரின் கொடுக்காத பக்கம், ஐந்து வாரத்தில் ஆயிரத்துக்கு 118 பேர் இருதய, ரத்தக் குழாய் நோயால் இறந்தார்கள். ஆஸ்பிரின் கொடுத்த பக்கம் 94 பேர். வித்தியாசம் 24. ஆயிரத்தை 24-ஆல் வகுத்தால் 42. நாற்பத்திரண்டு பேருக்கு ஒருவர். அதுவும் ஒரு மாதம் விழுங்கியதில், அதுவும் மரணத்திலிருந்தே மீட்பு! 2023-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சு வலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே கொடுக்கும் மாத்திரைகளில் ஆஸ்பிரினும் சேர்ந்திருப்பது இதனால்தான்.

அதே ஆஸ்பிரினை, இருதய நோய் இல்லாதவர்களுக்குத் தினந்தோறும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்களிடம் நடந்த 'ஆஸ்ப்ரீ' பரிசோதனையின் முடிவு 2018-இல் வந்தது. சுமார் ஐந்து வருஷம் விழுங்கியும் இருதய நோய் குறிப்பிடும்படி குறையவில்லை. ஆனால் கடுமையான ரத்தக் கசிவு ஆயிரத்துக்கு 28 பேரிலிருந்து 38 பேராக உயர்ந்தது. நூறு பேருக்கு ஒருவருக்கு வீண் நஷ்டம்.

மாத்திரை மாறவில்லை. ஆள் மாறினார், கணக்கு தலைகீழாயிற்று. முதல் கூட்டத்தின் ஆபத்து மிகப் பெரியது. அதில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலும் பல உயிர்கள். இரண்டாவது கூட்டத்தின் ஆபத்து சிறியது. அங்கே குறைக்க அதிகம் இல்லை, கெடுக்க இருந்தது.

ஆகவே "பக்கத்து வீட்டுக்காரர் தின்கிறார், நானும் தின்கிறேன்" என்பது எவ்வளவு அபாயமோ, "91 பேருக்கு ஒருவர்தானாம், நான் நிறுத்திவிடுகிறேன்" என்பதும் அவ்வளவு அபாயம். மாரடைப்பு வந்து பிழைத்தவருடைய கணக்கு வேறு. ரத்தக் கொதிப்பு மிகவும் ஏறி நிற்பவருடைய கணக்கு வேறு. சர்க்கரை நோயாளியின் கணக்கு வேறு. அவர்களுக்கு ஆபத்து பெரியது, ஆகவே எண் சிறியது. டாக்டர் கொடுத்த மாத்திரையை இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் நிறுத்தக் கூடாது. கேட்டுவிட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும்.

யார் காசு?

கடைசியாக விலையைப் பார்ப்போம். 91 பேர், நாலரை வருஷத்துக்குச் சற்று மேல், தினம் ஒன்று. பெருக்கினால் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் மாத்திரைகள். ஒருவர் தப்பிக்க ஒன்றரை லட்சம் மாத்திரை! மாத்திரை ஒரு ரூபாய் என்றால் ஒன்றரை லட்சம் ரூபாய். ஐந்து ரூபாய் என்றால் ஏழரை லட்சம். விலையில் ஏறுகிற ஒவ்வொரு ரூபாயும், தப்பிக்கிற ஒவ்வொருவர் கணக்கிலும் ஒன்றரை லட்சத்தை ஏற்றுகிறது. விற்கிறவருக்கு இந்தப் பெருக்கல் நன்றாகத் தெரியும். நோயாளிக்கு மருந்து விற்றால் ஐந்து பேருக்கு விற்கலாம். நோய் வராதவர்களுக்கும் விற்றால் தொண்ணூற்றொரு பேருக்கு விற்கலாம். தடுப்பு மாத்திரையின் சந்தை பெரிது.

இதைச் சொல்வதால் மாத்திரையே வேண்டாம் என்று ஆகிவிடாது. ஒரு தனித் தொழிலாளிக்கு ஆயிரத்தில் 11 என்பது கண்ணுக்குத் தெரியாத லாபம். ஆனால் ஒரு ஜில்லாவுக்கு? 2011 ஜனக் கணக்குப்படி பெரம்பலூர், அரியலூர் இரண்டிலும் சேர்ந்து 13 லட்சம் பேருக்கு மேல். அவர்களில் இப்படிப்பட்ட வயதும் ஆபத்தும் உள்ளவர்கள் ஒரு லட்சம் பேர் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனையில் கண்ட பலன் அப்படியே கிடைத்தால், நாலரை வருஷத்தில் 1,100 குடும்பங்களில் விபரீதம் தடுக்கப்படும். அது சிறிய விஷயமா?

ஆகவே முடிவு இதுதான். பலன் கூட்டத்துக்குக் கிடைக்கிறது. யாருக்கு என்று தெரியாமல் பொதுவில் கிடைக்கிறது. அப்படியானால் செலவும் பொதுவில்தான் இருக்க வேண்டும். 91 பேர் தங்கள் கூலியிலிருந்து தனித்தனியாகக் காசு போட்டு ஒருவரைக் காப்பாற்றுவது நியாயமல்ல. மொத்தமாக வாங்கினால் விலை குறையும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தக் கொதிப்பைப் பார்த்து, ஆபத்து பெரிதாக உள்ளவர்களை முதலில் கண்டுபிடித்து அவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தால், 91 என்பது இன்னும் கீழே இறங்கும். அதே பணத்தில் அதிகம் பேர் பிழைப்பார்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்தக் கொதிப்பு மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீடு தேடி வந்தது இந்த வழியில்தான். அங்கே மாத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பினால், அதைக் கேட்க வேண்டியது சங்கத்தின் வேலை.

இனி எவராவது ஒரு தடுப்பு மாத்திரையை நீட்டினால் நாலு கேள்வி கேளுங்கள். என்னைப் போன்ற ஆயிரம் பேரில், இது இல்லாமல் எத்தனை பேருக்கு நோய் வரும்? இதைத் தின்றால் எத்தனை பேருக்கு வரும்? எத்தனை வருஷம் தின்ன வேண்டும்? இதனால் எத்தனை பேருக்கு, என்ன கெடுதல் வரும்? நேர்மையான டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார், தெரிந்ததைச் சொல்வார். சதவிகிதத்தை மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்கிறவரிடம் காசை நீட்ட வேண்டாம்.